ஹேர் கலர் அலர்ஜிக்கு பப்ளிக் லயபிலிட்டி பாலிசி கை கொடுக்குமா?

"கோபியில் வீட்டுக்கே போய் பிரைடல் வேலை செய்கிறேன். கலர் போட்ட பெண்ணுக்கு நெற்றியெல்லாம் கொப்புளம். பப்ளிக் லயபிலிட்டி இருக்கிறது, பணம் வருமா?"

பெரும்பாலும் வராதுங்க. வேக்ஸ் கொட்டி அவர்கள் சோபா பாழானாலோ, உங்கள் ஒயர் தடுக்கி யாராவது விழுந்தாலோதான் அது உதவும். நீங்கள் செய்த வேலையே காயம் ஆக்கினால் புரொபஷனல் இண்டெம்னிட்டி என்ற தனி பாலிசி வேண்டும்.

பாலிசி ஷெட்யூலில் தொழில் விவரம் என்ற வரியைப் பாருங்கள். அங்கே மேக்கப் என்று மட்டும் இருந்தால் கலரிங், கெமிக்கல் பீல் எல்லாம் வெளியே. சான்றிதழ் இல்லாமல் செய்த சிகிச்சை, வாங்கிய கூலியைத் திருப்பித் தருவது, பாலிசிக்கு முன்பே தெரிந்த புகார், இவற்றையும் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. அதனால் இப்போது புதிதாக எடுத்தாலும் இந்தக் கொப்புளத்துக்கு ஆகாது.

அடுத்துத் தகராறு வருவது பேட்ச் டெஸ்டில். கருப்புச் சாயங்களில் பிபிடி என்ற ரசாயனம் இருப்பதுண்டு, ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து, தேதியோடு கையெழுத்து வாங்கினீர்களா? முகூர்த்த அவசரத்தில் யாரும் செய்வதில்லை, அங்கேதான் இன்சூரன்ஸ் நிறுவனம் பிடித்துக்கொள்ளும்.

இண்டெம்னிட்டி பெரும்பாலும் கிளெய்ம் வரும் நாளில் பாலிசி நடப்பில் இருந்தால்தான் செல்லும். ரெட்ரோஆக்டிவ் தேதியையும் பாருங்கள், அதற்கு முன் செய்த வேலைக்குப் பணம் வராது; புதுப்பிக்கும்போது அது பழைய தேதியாகவே இருக்க வேண்டும், புதிய தேதிக்கு மாறக் கூடாது.

ஒன்று, பெண் வீட்டாரிடம் "தப்பு என்னுதுதான், செலவைக் கொடுத்துடறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஏற்றால் அதையே காரணம் காட்டுவார்கள். டாக்டரிடம் கூட்டிப்போவது வேறு, அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.