மரப்படி கத்துகிறதா? கேளுங்கள்

எங்கள் மாடிப்படியில் நடுவில் ஒரு படி மிதித்தாலே கிறீச்சென்கிறது. பலகையையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. முதலில் எது உரசுகிறது என்று பிடியுங்கள். ஒருவர் அந்தப் படியில் நின்று, எடையை முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் மெதுவாக மாற்றட்டும். நீங்கள் படிக்கு அடியில் போய், மிதிக்கிற பலகையும் நிமிர்ந்து நிற்கிற பலகையும் சேரும் மூலையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் மரம் முழுக்கப் பரவும் என்பதால் காது ஏமாந்துவிடும். அசைவு ஓரிடத்தில்தான் இருக்கும், அது விரலுக்குத் தெரியும்.

முன்விளிம்பை மிதிக்கும்போது கத்தினால், அதைத் தாங்கும் நிமிர்ந்த பலகையின் தலைமாட்டில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய மர ஆப்பு ஒன்றைச் சீவி, இரண்டு பக்கமும் மரப்பசை தடவிக் கையாலேயே செருகுங்கள். பிறகு சுத்தியலால் லேசாக ஒன்றிரண்டு தட்டு. சத்தம் நின்றதும் கையை நிறுத்திவிட வேண்டும். ஓங்கி அடித்தால் மிதிபலகை எழும்பி, சும்மா இருந்த பக்கத்து மூட்டும் கத்த ஆரம்பிக்கும். பசை காயும்வரை, ஒரு ராத்திரியாவது, அந்தப் படியைத் தாண்டி ஏறுங்கள்.

அடிப்பக்கம் முழுக்க மூடியிருக்கிறது. நான் என்ன செய்ய?

மேலிருந்து ஸ்க்ரூதான். முன்விளிம்பு வழியாகக் கீழே நிற்கும் பலகையின் தடிப்புக்குள் இறங்க வேண்டும். அந்தத் தடிப்பு குறைவு, அதனால் மெல்லிய ஸ்க்ரூவாக எடுத்து, முதலில் சிறு துளை போடுங்கள். இல்லாவிட்டால் மரம் பிளக்கும். முறுக்கும்போது படியின் மேல் ஒருவர் நிற்க வேண்டும். இடைவெளி மூடியிருக்கும்போதே பூட்டினால்தான் பலன்.

எதற்கு இவ்வளவு? நான் மிஷின் எண்ணெய் விட்டேன், நின்றுவிட்டது.

உரசல் குறைந்தால் சத்தம் அடங்கும் என்பது சரிதான். ஆனால் எண்ணெய் ஊறிய மரத்தில் பின்னால் பசை பிடிக்காது, கறையும் தங்கும். டால்கம் பவுடரோ கிராஃபைட் தூளோ இடுக்கில் தூவி, துணியால் உள்ளே தள்ளுங்கள். அதுவும் நாளடைவில் உதிரும், மறுபடி தூவ வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் கத்துவது கட்டில். இதே ஆப்பு போடலாமா?

முதலில் மூலை போல்ட்டுகளை முறுக்கிப் பாருங்கள். ஆப்பு அப்புறம்.

மரத்தரை வறண்ட மாதங்களில் மட்டும் கத்துகிறது. இன்னும் ஆணி அடிக்கட்டுமா?

வேண்டாம். ஈரம் குறைந்தால் மரம் சுருங்கி, பலகை பழைய ஆணியிலேயே ஏறி இறங்கும். புது ஆணியும் அப்படியே தளரும். மிதிக்கும்போது ஆணித்தலையைக் கவனியுங்கள். பலகை மட்டும் அமுங்கி, தலை வெளியே நீட்டினால் அதன் பக்கத்திலேயே அடிச்சட்டத்தில் ஸ்க்ரூ போடுங்கள். கீழே ஒயரோ குழாயோ போகிறதா என்று பார்த்துவிட்டுத் துளையுங்கள். தலை அசையவில்லை என்றால் இரண்டு பலகைகளின் விளிம்பு உரசலாக இருக்கலாம், பவுடர் போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அடிச்சட்டமே ஆடலாம். அதை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது.