வாய்மொழித் தேர்வு முடிந்த மாலையில் எழுதும் வாழ்த்து

கேள்வி: என் ஆய்வுக்குழுவில் ஒருவர் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டார். மேற்பார்வையாளராகக் குழுவினர் அனைவருக்கும் அனுப்பும் வாழ்த்து மின்னஞ்சலில் என்ன எழுதலாம்?

நான் சிங்கப்பூரில் நீர்ச்சுத்திகரிப்புச் சவ்வுகளை ஆராயும் ஒரு சிறு குழுவை வழிநடத்துகிறேன். என் முதல் மாணவர் தேறிய அன்று, மகிழ்ச்சி மிகுதியில் அவரை "டாக்டர்" என்று குறிப்பிட்டு எல்லாருக்கும் மடல் அனுப்பினேன். மறுநாள் அவரே என் அறைக்கு வந்து, தேர்வாளர்கள் கேட்ட திருத்தங்கள் இன்னும் பாக்கி இருக்கும்போது அந்த அடைமொழி கூச்சமாக இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரிதான். திருத்திய ஆய்வேட்டை ஒப்படைத்து, பல்கலைக்கழகம் முறையாகப் பட்டம் வழங்கிய பிறகே அது அவருக்கு உரியதாகிறது. அதனால் இப்போதெல்லாம் "வாய்மொழித் தேர்வில் தேறினார்" என்றே எழுதுகிறேன். (கேக் வெட்டும்போது மற்றவர்கள் டாக்டர் என்று கூப்பிட்டால் நான் தடுப்பதில்லை.)

"கடும் உழைப்பாளி", "குழுவுக்குப் பெருமை" போன்ற சொற்களை யாருக்கும் எழுதலாம் என்பதால் நான் தவிர்த்துவிடுகிறேன். அன்று தேர்வறையில் கேட்கப்பட்ட ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு மாணவர் எப்படிப் பதில் சொன்னார் என்று எழுதுவதே என் வழக்கம். அண்மையில் தேறிய மாணவியின் ஆய்வு, சவ்வின்மேல் பாக்டீரியாப் படலம் வளர்ந்து நீர் கசியும் வேகம் குறைவதைப் பற்றியது. அந்தக் குறைவுக்கு உப்பு தேங்குவதும் காரணமாகலாமே என்று ஒரு தேர்வாளர் கேட்டார். அதே உப்பும் சத்தும் அதே அழுத்தமும் வைத்து, சோடியம் அசைடு சேர்த்துப் பாக்டீரியா பெருகாமல் தடுத்த இணைச் சோதனையை மாணவி காட்டினார். தேர்வாளர் விடவில்லை, பெருகாத பாக்டீரியாவும் சவ்வில் படியுமே என்றார். சற்று யோசித்து, "ஆமாம், அந்தப் பங்கை என் சோதனை தனியே பிரித்துக் காட்டாது" என்று மாணவி ஒப்புக்கொண்டார்.

மடலில் நான் எழுதியது இது:

"அன்புள்ள குழுவினருக்கு, நம் மாணவி இன்று வாய்மொழித் தேர்வில் தேறினார். அசைடு சோதனை தேவைதானா என்று 2 ஆண்டுகளுக்கு முன் நான் தயங்கியபோது, அவர் பிடிவாதமாக அதைச் செய்தார். இன்றைய கடினமான கேள்விக்கு அந்தச் சோதனைதான் பதில் சொன்னது. அந்தச் சோதனையின் எல்லை எது என்று கேட்டபோது மழுப்பாமல் சொன்னார். அந்த இடத்தில் தேர்வாளர் தலையசைத்ததை நான் பார்த்தேன். வாழ்த்துகள்! பம்புகளை ஓயாமல் ஓடவைத்த ஆய்வக அலுவலருக்கும் நன்றி."

திருத்தப் பட்டியலைக் குழு மடலில் சேர்க்க வேண்டாம். அதை மறுநாள் அவருடன் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் திருத்தமே, அந்த எல்லையை முடிவுரையில் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும் என்பதுதான்.