வங்கியிலிருந்து போன முன்பணம் வாலட்டுக்கு வந்தால்

"பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பதாக ஆர்டர் போட்டேன். உறுதி செய்ய ஒரு சிறு தொகையை மட்டும் ஆன்லைனில் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பொருள் வரும் முன்பே ஆர்டர் ரத்தாகிவிட்டது. கட்டிய பணம் வங்கிக்கு வராமல் அவர்களுடைய வாலட்டில் கிடக்கிறது. வங்கிக்கே திரும்ப வாங்க முடியுமா?"

பெரும்பாலும் முடியும். ஆனால் வாலட்டில் இருப்பதை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் கொஞ்சம் செலவழித்தாலும், வாலட் ரீஃபண்டை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரில் கார்டோ கணக்கோ பதிவாகியிருக்காது. பணத்தை எங்கே திருப்புவது என்று தெரியாததால் பல கடைகளின் சிஸ்டம் அதை வாலட்டில் போட்டுவிடும். உங்கள் விஷயம் வேறு. முன்பணம் ஆன்லைனில் போனதால் அதற்கென்று ஒரு பரிவர்த்தனை எண் உண்டு. அந்த எண்ணை வைத்தே வந்த வழியில் பணத்தைத் திருப்பலாம். உங்கள் கணக்கு எண்ணைக்கூடக் கேட்கத் தேவையில்லை.

முதலில் வாலட் பக்கத்தைத் திறந்து, வங்கிக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அங்கேயே தொகைக்குக் காலாவதித் தேதி போட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். மாற்றும் வசதி இல்லையென்றால், வங்கி ஸ்டேட்மென்டில் அந்தப் பற்று வரியைப் படம் பிடித்து, ஆப்பில் உள்ள உதவிப் பகுதியில் இப்படி எழுதுங்கள்: "இந்த ஆர்டரின் முன்பணத்தை இந்தத் தேதியில், இந்தப் பரிவர்த்தனை எண்ணில் ஆன்லைனில் கட்டினேன். வாலட் ரீஃபண்டை ரத்து செய்து, பணம் கட்டிய கணக்குக்கே திருப்புங்கள்."

"கேஷ் ஆன் டெலிவரிக்கு வாலட் மட்டும்தான்" என்று பதில் வரலாம். ரொக்கமாக எதுவும் கொடுக்கவில்லை, திரும்ப வேண்டியது ஆன்லைனில் கட்டியது மட்டுமே என்று அதே உரையாடலில் பதில் எழுதுங்கள். ஒரு சிக்கல் உண்டு. ஆர்டரை நீங்களே ரத்து செய்திருந்தால், அந்தத் திரையில் 'உடனடி ரீஃபண்ட்' என்று வாலட் முன்கூட்டியே தேர்வாகியிருந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் அழுத்தியிருந்தால் உங்கள் வாதம் சற்று பலவீனம்தான். இருந்தாலும் கேளுங்கள், மாற்றித் தரும் கடைகளும் இருக்கின்றன.

அவர்கள் ஒப்புக்கொண்டால் ரீஃபண்டின் ரெஃபரன்ஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாலட்டில் தொகை உடனே குறையும், வங்கியில் ஏறச் சில வேலை நாட்கள் ஆகும். அவர்கள் சொன்ன நாள் தாண்டினால் அந்த எண்ணோடு வங்கியிடம் போங்கள், பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள். இதற்காக இணையத்தில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களை அழைக்காதீர்கள், அவற்றில் போலிகள் நிறைய. பணம் பெறுவதற்கு ஓடிபியோ பின் நம்பரோ தேவையே இல்லை.

கடை கடைசிவரை மறுத்தால், கார்டில் கட்டியவர்கள் கார்டு தந்த வங்கியில் தகராறுப் புகார் கொடுக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், கடையின் மறுப்பு எழுத்தில் வந்ததுமே கொடுத்துவிடுங்கள்.