ஜிஎஸ்டியிலேயே இருப்பதா, மேனேஜராகப் போவதா?

கேள்வி: சி.ஏ. முடித்து 11 வருடமாக ஒரு உற்பத்தி நிறுவனத்தில் ஜிஎஸ்டி மட்டும் பார்க்கிறேன். இப்போது ஆறு பேருக்கு மேனேஜராக வரச் சொல்கிறார்கள். போகலாமா?

சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில், மாதத்தில் 14-லிருந்து 20-ஆம் தேதி வரை மேனேஜருக்கு என்ன வேலை என்று பாருங்கள்.

வாங்கிய பொருளுக்குக் கட்டிய உள்ளீட்டு வரியில் எவ்வளவு எடுக்கலாம் என்று காட்டும் GSTR-2B 14-ஆம் தேதி வருகிறது. நம் டாலி கணக்கில் உள்ளீட்டு வரி 18 லட்சம், 2B-யில் 16.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவீர்கள்: ஒரு பெரிய சப்ளையர் 11-ஆம் தேதி தாண்டி GSTR-1 என்ற விற்பனை ரிட்டர்னைப் போட்டிருக்கிறார், அது அடுத்த மாத 2B-யில் வரும், இன்னும் சில பில்களை யாரோ இரண்டு முறை என்ட்ரி போட்டிருக்கிறார்கள். ஜூனியருக்கு இதற்கே ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளை அவருக்குக் கொடுப்பதுதான் மேனேஜர் வேலை. "வித்தியாசம் அதிகமாக உள்ள மூன்று சப்ளையர் யார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். 19-ஆம் தேதி ராத்திரி ஷீட்டை வாங்கி நீங்களே முடித்தால் 20-க்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3B போய்விடும், ஆனால் அடுத்த மாதமும் அந்த ஷீட் உங்களிடமே வரும். மேனேஜர் சம்பளத்தில் பழைய வேலையையே செய்துகொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடக் கஷ்டம் அப்ரைசல். ஆறு பேரும் நன்றாகச் செய்திருந்தாலும் மேல் ரேட்டிங் ஒருவருக்குத்தான் என்பார்கள். மற்ற ஐந்து பேரிடம் நேரில் உட்கார்ந்து காரணம் சொல்ல வேண்டும். எதற்கெல்லாம் உள்ளீட்டு வரி எடுக்கக் கூடாது என்று சொல்லும் பிரிவு 17(5)-ஐ வாதாடுவது எனக்கு இதைவிடச் சுலபம்.

இதெல்லாம் ஒத்துவராது என்று தோன்றினால் எச்.ஆரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம் கம்பெனியில் கீழே யாருமே இல்லாமல் மேனேஜர் கிரேடில் யாராவது இருக்கிறார்களா? நடுத்தர உற்பத்தி நிறுவனங்களில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அப்படியென்றால் அங்கேயே நிபுணராக இருப்பது சம்பளத்தை நிறுத்திவைப்பதுதான். கன்சல்டிங் நிறுவனத்தின் மறைமுக வரிப் பிரிவோ, சி.ஓ.பி. என்ற பிராக்டிஸ் சான்றிதழ் எடுத்துச் சொந்த பிராக்டிஸோதான் அந்த அறிவுக்கு விலை தரும்.

போவதாக முடிவு செய்தால், வரி பாக்கி என்று துறை அனுப்பும் DRC-01 நோட்டீஸ்களுக்குப் பதில் எழுதும் வேலையை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளக் கேளுங்கள். ரிட்டர்ன் வேலையை விட்டாலும் திரும்பப் பிடித்துவிடலாம். நோட்டீஸ் அப்படியல்ல: தீர்ப்புகளும் சர்க்குலர்களும் வந்துகொண்டே இருக்கும், இரண்டு வருடம் படிக்காமல் விட்டால் பிராக்டிஸுக்குத் திரும்பும்போது கட்சிக்காரர் முன்னால் தடுமாற வேண்டிவரும்.