பிழை எது, உங்கள் நடை எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய மருந்து விளக்கத்தாள் ஒன்றை இரண்டாவது வாசகராகப் பார்த்துத் தரச் சொன்னார்கள். மொழிபெயர்த்தவர் என்னைவிட அனுபவம் கூடியவர். ஆறு பக்கமும் சிவப்பாகும்படி திருத்தி அனுப்பினேன். "பாதிக்கு மேல் உங்கள் நடைக்கு மாற்றியிருக்கிறீர்கள், பிழைகள் அதற்குள் புதைந்துவிட்டன" என்று பதில் வந்தது. மறுபடி பார்த்தால் எனக்கே எது எது என்று தெரியவில்லை. எப்படிப் பிரிப்பது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

மருந்து விளக்கத்தாளை வைத்தே பேசலாம். இங்கே பிழையின் விலை மாத்திரைக் கணக்கில் தெரியும். 500 மி.கி. பாராசிட்டமால் தாளில் வழக்கமாக இருக்கும் செய்தி இது: வயது வந்தவர்கள் 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் 1 அல்லது 2 மாத்திரை எடுக்கலாம், 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் கூடாது. அதன் தமிழாக்கம் இப்படி வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"வயது வந்தவர்கள் 4 முதல் 6 மணிக்கு ஒரு முறை 1 அல்லது 2 மாத்திரைகள் எடுத்துக்கொள்ளவும். ஒரு நாளைக்கு 8 மாத்திரைகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மருத்துவரால் பரிந்துரைக்கப்பட்டாலன்றி, பாராசிட்டமால் கலந்த வேறு மருந்துகளை இத்துடன் சேர்த்து உட்கொள்ளக் கூடாது."

ஆங்கிலத்தைத் திறக்காமல், தமிழை மட்டும் முதலில் வாய்விட்டுப் படியுங்கள். மூலத்தை முதலில் படித்துவிட்டால், அது சொன்னதையே தமிழும் சொல்வதாக மனம் நிரப்பிக்கொள்ளும். குறையுள்ள வாக்கியமும் புரிந்ததுபோலத் தோன்றும். மருந்தை வாங்குகிறவர் கையில் மூலம் இருக்காது. இந்த வாசிப்பில் எதையும் மாற்ற வேண்டாம், தடுக்கிய இடத்தில் ஓரத்தில் கோடு மட்டும் போடுங்கள். "4 முதல் 6 மணிக்கு" என்ற இடத்தில் தடுக்கும். மணிக்கு என்றால் கடிகார நேரம், மாலை நாலு மணிக்கு என்பதுபோல. மூலம் சொல்வது இடைவெளி, ஆகவே "மணி நேரத்துக்கு" என்று வேண்டும்.

பிறகு வாக்கியம் வாக்கியமாக மூலத்தோடு ஒப்பிடுங்கள். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை இரண்டாம் நபரிடம் கட்டாயமாகக் கேட்பது இந்த ஒப்பீட்டைத்தான். "தேவையில்லை" இதில் அகப்படும். மூலத்தில் தடை, தமிழில் சலுகை. எட்டுக்கு மேல் போட்டாலும் கெடுதல் இல்லை என்று ஒருவர் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. "கூடாது" என்பதே வேண்டும்.

மூன்றாவதாக எண்களையும் அலகுகளையும் மட்டும் தனியாக ஓட்டுங்கள். சரளமாகப் படிக்கும்போது கண் தாண்டிப் போகும் பிழை இதில் மாட்டும். "ஒரு நாளைக்கு" என்பது காதுக்கு இயல்பாக இருப்பதால் முதல் இரண்டு வாசிப்பிலும் தப்பியிருக்கலாம். காலை 11, பிற்பகல் 3, இரவு 7, இரவு 11 என்று இரண்டிரண்டாகப் போட்டவருக்கு அன்றைய எட்டு முடிந்துவிட்டது. நள்ளிரவு தாண்டியதும் புது நாள் என்று எண்ணி அதிகாலை 3-க்கும் காலை 7-க்கும் போட்டால், காலை 11-இலிருந்து மறுநாள் காலை 11-க்குள் 12 மாத்திரை. தாள் சொல்லும் உச்ச அளவு 4 கிராம், உள்ளே போனது 6 கிராம். அளவு மிஞ்சினால் பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். இந்த மூன்று வாக்கியங்களிலேயே மோசமான பிழை இதுதான், பார்வைக்கு மிகச் சாதுவானதும் இதுதான்.

இனி, கை துறுதுறுக்கும் இடங்கள். "எடுத்துக்கொள்ளவும்" என்பதைச் "சாப்பிடவும்" ஆக்கலாமா? எண்ணுக்குப் பின் "மாத்திரைகள்" எதற்கு, "2 மாத்திரை" போதாதா? முன்னே எடுத்துக்கொள்ளுதல், பின்னே உட்கொள்ளுதல் என்று ஏன் இரண்டு சொல்? மூன்றையும் அப்படியே விட்டுவிடுங்கள். இவற்றால் யாரும் தவறாக மருந்து போட மாட்டார்கள், எந்த இலக்கண விதியும் மீறப்படவில்லை. வாடிக்கையாளர் கொடுத்த சொற்பட்டியலிலோ நடைக் கையேட்டிலோ வேறு சொல் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். அப்போது காரணம் உங்கள் காது அல்ல, அந்தப் பட்டியல்.

நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே வாக்கியத்தில் காரணம் எழுதிப் பாருங்கள். பொருள் மாறுகிறது, ஏதோ விடுபட்டிருக்கிறது, மூலத்தில் இல்லாதது சேர்ந்திருக்கிறது, இலக்கணம் பிசகுகிறது, ஒப்புக்கொண்ட சொல் இதுவல்ல, வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார். இவற்றில் ஒன்று கிடைத்தால் அது பிழை. "இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்" என்பதற்கு மேல் எழுத வரவில்லை என்றால் பழைய சொல்லையே திரும்ப வையுங்கள்.

விருப்பத்தால் செய்யும் மாற்றத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. "வயது வந்தவர்கள்" கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்று "பெரியவர்கள்" என மாற்றினால், வயதில் மூத்தவர்களுக்கான அளவு என்று முப்பது வயதுக்காரர் விலகிப் போகலாம். சரியாக இருந்த இடத்தில் திருத்துகிறவர் பிழையை நுழைத்துவிட்டார். அதைப் பிடிக்க மூன்றாவது வாசகர் யாரும் இல்லை. தேவையான திருத்தத்தைச் செய்தபிறகும் முழு வாக்கியத்தையும் மறுபடி படியுங்கள். வேற்றுமை உருபும் வினைமுற்றும் பழைய சொல்லுக்குப் பொருந்தியபடி நின்றுபோகும்.

ஊர் வழக்கிலும் கவனம் வேண்டும். தாள் இலங்கை வாசகருக்கு என்றால் "குளிசை" என்பதை "மாத்திரை" ஆக்குவது திருத்தம் ஆகாது. வேலையைத் தொடங்குமுன் எந்த ஊர் வாசகர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"மருத்துவரால் பரிந்துரைக்கப்பட்டாலன்றி" என்பது பிழைக்கும் விருப்பத்துக்கும் நடுவில் நிற்கிறது. பொருள் சரி. ஆனால் இந்தச் செயப்பாட்டு வினை ஆங்கிலத்தின் சாயல், நோயாளிக்கு எழுதும் தாளில் "மருத்துவர் சொன்னால் தவிர" என்பது சட்டென்று புரியும். ஆறு பக்கத்தில் பதினான்கு இடத்தில் இது வந்தாலும் பதினான்கையும் நீங்கள் திருத்தக் கூடாது. ஓர் இடத்தில் மாதிரி காட்டி, "பொதுமக்களுக்கான தாள் என்பதால் செய்வினை எளிது, மற்ற இடங்களை உங்கள் முடிவுக்கு விடுகிறேன்" என்று முகப்பில் ஒரே குறிப்பு எழுதுங்கள். ஆறு பக்கம் சிவந்ததற்குப் பெரும்பாலும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் ஒன்றிரண்டு பழக்கங்களே காரணமாக இருக்கும்.

கோப்பில் பிழைகளை மட்டும் ட்ராக் சேஞ்சஸில் திருத்துங்கள். விருப்பம் சார்ந்தவை கமெண்டாகவே இருக்கட்டும், "பரிந்துரை" என்று தொடங்கட்டும். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழைக்கு விளக்கம் வேண்டாம், திருத்திவிட்டுப் போகலாம். மூலமே இருபொருள் தந்தால் அது "கேள்வி". கடுமையான கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு என்று ஆங்கிலத்தில் வந்தால், "கடுமையான" சிறுநீரகத்துக்கும் சேருமா என்று அந்த வாக்கியத்தால் தெரியாது. நீங்களாக முடிவு செய்யாமல் வாடிக்கையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பிழைக் குறிப்பு இந்த அளவு போதும்: "பிழை. மூலத்தில் 24 மணி நேரம். 'ஒரு நாளைக்கு' என்றால் நள்ளிரவில் புதுக் கணக்கு என்று படிக்க இடமிருக்கிறது." எழுதியவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "கவனக்குறைவு", "சொல்லுக்குச் சொல்" போன்றவை காரணமாகா, தீர்ப்பாகிவிடும். மோசமான பிழையை முகப்புக் குறிப்பின் முதல் வரியில், பக்க எண்ணோடு சொல்லிவிடுங்கள். பதில் எழுதியவருக்கு உங்கள் பழைய கோப்பையே இந்த முறையில் பிரித்து மறுபடி அனுப்பலாம். தாள் அச்சுக்குப் போகுமுன் அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.