67-ம் இல்லை, 94-ம் இல்லை: சாய்ந்த போட்டோவில் இருக்கும் வரைபடத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: "மகள் பிளஸ் ஒன். ஸ்கூல் குரூப்பில் திசைவேகம்–நேரம் வரைபடத்தை போட்டோ எடுத்து அனுப்பி இடப்பெயர்ச்சி கேட்டிருக்கிறார்கள். கோடு வளைவாக இருக்கிறது, போட்டோவும் சாய்வு. பிரின்ட் எடுத்து, அடியில் 5 மீ/வி-க்கு 2 செ.மீ. வருகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து போட்டதில் அவளுக்கு 67 மீட்டர் வந்தது. ட்யூஷன் நோட்ஸில் 94. எது சரி சார்?"

இரண்டுமே தவறு, சரியான விடை 77 மீட்டருக்கு அருகில். ஆனால் உங்கள் மகளுடையது போட்டோவால் வந்த தவறு, ட்யூஷன்காரர்களுடையது இயற்பியலே தெரியாத தவறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை.

முதலில் போட்டோ. நீங்கள் அனுப்பிய படத்தில் கட்டங்களை உற்றுப் பாருங்கள். 0-க்கும் 5-க்கும் நடுவே 2 செ.மீ., 5-க்கும் 10-க்கும் நடுவே 1.8, 10-க்கும் 15-க்கும் நடுவே 1.6 தான் இருக்கிறது. அச்சுக்குக் கீழே போனால் 2.2, 2.4 என்று பெருக்கிறது. புத்தகத்தில் எல்லாக் கட்டமும் ஒரே அளவுதான், போனைச் சாய்த்துப் பிடித்ததால் தூரத்தில் இருக்கும் மேல்பக்கம் சுருங்கி, கிட்டே இருக்கும் கீழ்ப்பக்கம் பெருத்துவிட்டது. அவள் அடிக்கட்டத்து 2 செ.மீ. கணக்கையே உச்சி வரைக்கும் கொண்டுபோனதால் 13 இருக்க வேண்டிய இடத்தில் 11.9 வந்தது, கீழே −10 இருக்க வேண்டிய இடத்தில் −11.5 வந்தது. மேலே குறைந்து கீழே கூடினால் மொத்தம் இரண்டு பக்கமும் அடி வாங்கும். 67 வந்தது அப்படித்தான்.

இதற்கு மருந்து எளிது. படம் முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைக்காதீர்கள். புள்ளி எந்தக் கட்டத்துக்குள் விழுகிறதோ அந்தக் கட்டத்தின் மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டை மட்டும் பார்த்து, நடுவில் எத்தனை பங்கு ஏறியிருக்கிறது என்று படியுங்கள். 10-க்கும் 15-க்கும் நடுவே 1.6 செ.மீ., புள்ளி 10-லிருந்து 0.96 செ.மீ. மேலே இருக்கிறது என்றால் ஐந்தில் மூன்று பங்கு, ஆக 13. நேரத்துக்கும் அதே போலத்தான். 6-ஆவது வினாடியின் குத்துக்கோடு போட்டோவில் சாய்ந்து போகிறது என்றால் அந்தச் சாய்ந்த கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வளைவு வரை ஏற வேண்டும், நேர் செங்குத்தாக ஏறினால் 6 என்று நினைத்து வேறு நேரத்தைப் படித்துவிடுவீர்கள். புத்தகத்தின் நடு மடிப்புப் பக்கம் வளைந்திருந்தாலும் இந்த முறை பெரும்பாலும் காப்பாற்றும், ஏனென்றால் கட்டமும் புள்ளியும் சேர்ந்தே வளைகின்றன.

அப்படிப் படித்தால் 0, 2, 4, 6, 8, 10, 12 வினாடிகளில் திசைவேகம் 0, 8, 12, 13, 9, 0, −10 மீ/வி. இடப்பெயர்ச்சி என்பது வளைவுக்கும் நேர அச்சுக்கும் நடுவே இருக்கும் பரப்புதான், அதனால் இரண்டிரண்டு வினாடியாகச் சரிவகம் போடுங்கள். 10 வினாடி வரை 84 மீட்டர். கடைசி இரண்டு வினாடி அச்சுக்குக் கீழே ஒரு முக்கோணம், −10 மீட்டர். மொத்தம் 74. வளைவு மேல்நோக்கிப் புடைத்திருப்பதால் சரிவகத்தின் நேர்கோடு எப்போதும் வளைவுக்குக் கீழேயே கிடக்கும், அதனால் 74 கொஞ்சம் குறைச்சல். அதே ஏழு எண்களை, நேர்கோட்டுக்குப் பதில் வளைவாகவே இணைத்துப் பரப்பு காணும் சிம்சன் விதியில் போட்டால் 77 வரும். பதினொன்றாம் வகுப்பில் சிம்சன் கேட்க மாட்டார்கள், ஒரு வினாடி இடைவெளியில் படித்துச் சரிவகம் போட்டாலே 77-ஐ நெருங்கிவிடலாம்.

ட்யூஷன்காரர்களின் 94 எங்கிருந்து வந்தது? 84 கூட்டல் 10. வண்டி 10-ஆவது வினாடியில் நின்று திரும்பி வருகிறது, திரும்பி வந்ததையும் முன்னால் போனதோடு கூட்டியிருக்கிறார்கள். அது தொலைவு, இடப்பெயர்ச்சி இல்லை. இந்த நோட்ஸை ஜெராக்ஸ் போட்டு விற்கிறவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதே இல்லை, போன வருஷத்து விடையை இந்த வருஷத்துக் கேள்விக்கு ஒட்டுகிறார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, "படத்தை அனுப்புங்கள், டேட்டாவாக மாற்றித் தருகிறோம், ஒரு பக்கத்துக்கு இவ்வளவு" என்று. அவர்களில் பலர் செய்வது WebPlotDigitizer என்ற இலவச மென்பொருளில் அச்சில் நான்கு புள்ளி தொட்டு, வளைவில் கிளிக் பண்ணுவதுதான், நீங்களே செய்யலாம். அந்த நான்கு புள்ளி படம் சுழன்றிருந்தால் சரிசெய்யும், உங்கள் படம் மாதிரி மேலே குறுகி கீழே விரிந்திருப்பதைச் சரிசெய்யாது. அதற்குள் போடும் முன் போனின் ஸ்கேன் ஆப்பில் பக்கத்தின் நான்கு மூலைகளையும் இழுத்து வைத்து நிமிர்த்திக்கொள்ளுங்கள். அப்புறம் 77.3284 மீட்டர் என்று யாராவது கொடுத்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பிரின்ட்டில் கோட்டின் தடிமன் அரை மி.மீ. என்றாலே இந்த அளவில் அது 0.125 மீ/வி, 12 வினாடிக்கு ஒன்றரை மீட்டர். அதற்கு மேல் தசமம் எழுதுவது ஜம்பம்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், பரப்பைக் கட்டம் எண்ணிக் கண்டுபிடிக்கிறவர்கள் எல்லாரும் இதில் விழுகிறார்கள். நிமிர்ந்து நிற்கும் அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் 20-ல் தொடங்கும் படங்கள் உண்டு, இடம் மிச்சம் பிடிக்க அப்படி அச்சடிப்பார்கள். 60 வினாடியில் 20-லிருந்து 30 மீ/வி-க்கு நேர்கோடாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகிற முக்கோணத்தை எண்ணினால் 300 மீட்டர். உண்மை 1500. மீதி 1200 மீட்டர் படத்துக்குக் கீழே, அச்சடிக்காமல் விட்ட செவ்வகத்தில் இருக்கிறது, 20 பெருக்கல் 60. திசைவேக மதிப்புகளைப் படித்துக் கணக்குப் போடுகிறவருக்கு இந்தப் பிரச்சினையே வராது, கட்டம் எண்ணுகிறவருக்குத்தான் வரும். நேர அச்சு பூஜ்யத்தில் தொடங்காவிட்டால் பரவாயில்லை, அங்கே நமக்கு அகலம்தான் வேண்டும். ஆகவே எண்ணத் தொடங்கும் முன் இடதுபக்கம் கீழ் மூலையில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள், போட்டோவில் அந்த மூலையே வெட்டுப்பட்டிருந்தால் கட்டம் எண்ணாதீர்கள்.

மூலை வெட்டின, மங்கின படத்தை ஐந்தாறு குரூப்பில் பார்வேர்டு பண்ணிவிட்டு ஒரே ஒரு விடை எண்ணை வைத்துத் திருத்துவது என்ன நியாயமோ தெரியவில்லை. வளைவைக் கண்ணால் படிக்கிற கேள்விக்கு 75-லிருந்து 79 வரை ஒப்புக்கொள்ளலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி எழுத யாருக்கும் கை வரமாட்டேன் என்கிறது. படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள், சாதாரண போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்குவதில் மெல்லிய கட்டக்கோடுகள் முதலில் கரைந்துபோகும். மகளை விடைத்தாளில் அந்த ஏழு எண்களையும் அட்டவணையாக எழுதச் சொல்லுங்கள், 10 வினாடிக்குப் பின் எதிர்க்குறி ஏன் என்று ஒரு வரி, அதற்குக் கீழே "சுமார் 77 மீ". விடைக்குறிப்பில் 94 என்று இருந்து மார்க்கைக் குறைத்தால் அந்த அட்டவணையைக் காட்டி, கேட்டது தொலைவா இடப்பெயர்ச்சியா என்று மட்டும் கேட்கட்டும்.