மக்கியாத்தோ, கொர்ரெத்தோ: கோப்பைக்குள் என்ன இருக்கிறது?

"அக்கா, இத்தாலில பாதோவாவுக்குப் படிக்க வந்து மூணு வாரம் ஆச்சு. பார்ல லாத்தே கேட்டா வெறும் பால் குடுக்கறாங்க. மக்கியாத்தோ, கொர்ரெத்தோன்னு எழுதிப் போட்டிருக்கே, அதுல எல்லாம் என்ன இருக்கும்? நான் மது தொடமாட்டேன்."

தம்பி, உனக்கு வெறும் பால் வந்ததில் கடைக்காரர் தவறு ஒன்றும் இல்லை. லாத்தே என்றால் இத்தாலிய மொழியில் பால், அவ்வளவுதான். நான் இங்கே ஒரு பாரில் நான்கு வருடம் கவுண்ட்டரில் நின்றிருக்கிறேன். இதே கேள்வியோடு வந்த நம் பிள்ளைகள் பலர்.

முதல் சொல் அடிப்படை என்ன என்பதைச் சொல்லும். அடுத்த சொல் அதற்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும். வெறுமனே 'கஃபே' என்று கேட்டால் எஸ்பிரெசோ வரும். ஏறத்தாழ 7 கிராம் தூளில் 25 நொடியில் இறங்கும் இரண்டு மேசைக்கரண்டி டிகாக்‌ஷன் என்று வைத்துக்கொள். சர்க்கரை போட்டுத் தரமாட்டார்கள், கவுண்ட்டரிலேயே பொட்டலம் இருக்கும்.

மக்கியாத்தோ என்றால் கறை பட்டது. கஃபே மக்கியாத்தோ என்பது பால் கறை பட்ட காபி: அதே சின்னக் கோப்பை, அதே எஸ்பிரெசோ, மேலே ஒரு கரண்டி நுரைத்த பால். 'கால்தோ' என்று சேர்த்துச் சொன்னால் சூடான நுரைப்பால், 'ஃப்ரெத்தோ' என்றால் குளிர்ந்த பால். குளிர்ந்த பாலைச் சில கடைகளில் குட்டிக் குவளையில் தனியாக வைப்பார்கள், நீயே ஊற்றிக்கொள்ளலாம். வார்த்தையைத் திருப்பி லாத்தே மக்கியாத்தோ என்று கேட்டால் காபி கறை பட்ட பால். உயரமான கண்ணாடித் தம்ளர் நிறையச் சூடான பால், அதில் ஒரு எஸ்பிரெசோ. ஊர் ஃபில்டர் காபி ருசி கிடைக்காது, ஆனால் பால் காபி குடித்துப் பழகிய நாக்குக்கு இதுதான் கொஞ்சம் பக்கத்தில் வரும். நடுவில் ஒன்று வேண்டுமென்றால் நம் வெனெத்தோ பக்கத்தில் மக்கியாத்தோனே இருக்கிறது. மக்கியாத்தோவைவிடப் பால் அதிகம், கப்புச்சினோவைவிடக் குறைவு. நான் காலையில் குடிப்பது அதைத்தான். வேறு மாநிலங்களுக்குப் போனால் அந்தப் பெயர் புரியாமல் விழிப்பார்கள்.

இனி கொர்ரெத்தோ. நீ கவனமாக இருக்க வேண்டியது இதில்தான். 'திருத்தப்பட்டது' என்று பொருள், திருத்துவது மதுவால். எஸ்பிரெசோவில் கிராப்பா, சம்பூக்கா, பிராந்தி ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். கிராப்பா திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாராயம், பெரும்பாலும் 40 சதவீதம் ஆல்கஹால். எவ்வளவு விழும் என்பது ஊற்றுகிறவர் கையைப் பொறுத்தது. காபிச் சூட்டில் ஆவியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஊற்றிய உடனே குடிக்கிறோம், அப்படியே உள்ளே போகும்.

திருச்சியிலிருந்து வந்த ஒரு பையன் ஒரு காலையில் கொர்ரெத்தோ கேட்டான். 'கரெக்ட்' என்று காதில் விழுந்ததால் சரியான அளவில் போட்ட காபி என்று நினைத்திருக்கிறான். என்னோடு வேலை பார்த்தவர் "கோன் கோசா?", அதாவது எதைச் சேர்க்க என்று கேட்டார். இவன் புரியாமல் "சி, சி", அதாவது ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினான். அவரும் கிராப்பாவை ஊற்றிவிட்டார். கோப்பை அவன் வாய்க்குப் போகும் முன் எனக்கு வாசனை வந்தது. தமிழில் சத்தம் போட்டு நிறுத்தினேன். முகம் வெளுத்துப் போயிற்று பிள்ளைக்கு. வேறு காபி போட்டுக் கொடுத்தோம்.

அதனால் நீ காபி கேட்டபின் "கோன் கோசா?" என்றோ "கிராப்பா, சம்பூக்கா?" என்றோ கேள்வி வந்தால் அங்கேயே "நோ" சொல்லிவிடு. பாட்டில் தெரியாமல் ஊற்றிவிட்டாலும் மூக்கு காட்டிக்கொடுக்கும்: சம்பூக்காவில் சோம்பு மணக்கும், கிராப்பா மூக்கில் சுரீரென்று ஏறும். பாருக்குள் மது பாட்டில்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பயப்படாதே, இங்கே பார் என்பது முதலில் காபிக் கடை. நீயாகக் கேட்காமல் கோப்பையில் மது விழாது.

வண்டி ஓட்டும் நண்பர்களுக்கும் சொல்லிவை. 21 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும், லைசன்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் இங்கே அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம்.

நாளைக் காலையில் கவுண்ட்டரில் நின்று "லாத்தே மக்கியாத்தோ, பெர் ஃபவோரே" என்று கேள். காபி தூக்கலாக வேண்டும் என்று தோன்றினால் மறுநாள் மக்கியாத்தோனே கேட்டுப் பார்.